பஸ் ஃபீஸ் நோட்டீஸ்: 22 நாள் தாமதத்துக்கு இரண்டு மாத அபராதமா?

நூல்கண்டு | 24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

திருப்பூர். பையன் மூன்றாவது படிக்கிறான். அவன் டைரியில் ஒட்டி அனுப்பிய நோட்டீசை அப்படியே தருகிறேன்:

"ஒவ்வொரு பருவத்திற்கும் உரிய போக்குவரத்துக் கட்டணத்தைப் பருவத்தின் முதல் மாதம் 10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். தவறும் பட்சத்தில் மாதம் ரூ.100 அபராதம் வசூலிக்கப்படும். செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது."

ஜூன் 10இல் கட்ட முடியவில்லை. ஜூலை 2 கட்டினேன். 200 ரூபாய் சேர்த்து வாங்கிவிட்டார்கள். கணக்குப் போட்டால் 22 நாள்தான் தாமதம், ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேட்டால் "ஜூன் ஒண்ணு, ஜூலை ஒண்ணு" என்கிறார்கள். யார் கணக்கு சரி?

கணக்கறை | 24 ஆகஸ்ட், இரவு

இரண்டும் சரி. அதுதான் சிக்கலே.

நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான், ஆனால் கவுண்டருக்கு உள்பக்கம். ஒரு பள்ளி அலுவலகத்தில் 11 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் நோட்டீசும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். யாரோ எந்தக் காலத்திலோ எழுதியது, வருடத்தை மட்டும் மாற்றி மாற்றி அச்சடிக்கிறோம்.

"மாதம் ரூ.100" என்பதை மூன்று விதமாகப் படிக்கலாம். காலண்டரில் எந்த மாதத்தின் பெயர் தொட்டாலும் நூறு, இது உங்கள் பள்ளிக்காரர் கணக்கு. கெடு முடிந்து 30 நாளுக்குள் எப்போது கட்டினாலும் ஒரு நூறு, இது நீங்கள் சொல்வது. முழுதாக 30 நாள் போனால்தான் முதல் நூறு, இப்படியும் ஒருவர் எங்களிடம் வாதாடியிருக்கிறார், நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இரண்டாம் பருவ நோட்டீசை இந்த முறை நானே புதிதாக எழுதலாம் என்று பார்க்கிறேன். எழுத எழுத இங்கே போடுகிறேன். ஓட்டை கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

கணக்கறை | 25 ஆகஸ்ட்

இன்னொன்று. "10ஆம் தேதிக்குள்" என்றால் 10ஆம் தேதி உள்ளே வருமா, வராதா? வரும் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். போன வருடம் நான் லீவில் இருந்த நாளில், என் இடத்தில் உட்கார்ந்த பெண் 10ஆம் தேதி மத்தியானமே நான்கு பேரிடம் நூறு நூறாக வாங்கிவிட்டாள். "உள்ளுக்குள்ளேன்னா ஒன்பதோட முடிஞ்சுது சார்" என்றாள். நான்கு பேருக்கும் ஃபோன் போட்டு வரவைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.

"10 வரை" என்றால் கொஞ்சம் தேவலை. "10, வெள்ளிக்கிழமை வரை. வெள்ளிக்கிழமை கட்டினாலும் தாமதம் இல்லை" என்று எழுதினால் சண்டைக்கே இடமில்லை. கிழமை போட்டால் இன்னொரு லாபமும் உண்டு: தேதி தப்பாக அச்சானால் கிழமை காட்டிக் கொடுத்துவிடும்.

சட்டம்பேசி | 25 ஆகஸ்ட்

அபராதம் போட பள்ளிக்கு அதிகாரமே கிடையாது. அது கோர்ட்டும் அரசும் போடுவது. அப்படியே வாங்கினாலும் அதன்மேல் 18% ஜிஎஸ்டி கட்டவேண்டும். உங்கள் பள்ளி கட்டியதா என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர் | 26 ஆகஸ்ட்

தம்பி பாதி சரியாகச் சொல்கிறார். "அபராதம்" பொருந்தாத சொல் என்பது உண்மை. குற்றம் செய்தவனுக்குப் போடுவது போல இருக்கிறது, படிப்பவருக்கும் சுருக்கென்று படும். "தாமதக் கட்டணம்" என்று எழுதினால் போதும். ஆனால் சொல் தவறு என்பதால் வாங்கும் உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. முன்பே தெரிவித்து, நியாயமான அளவில் இருந்தால் வாங்கலாம்.

ஜிஎஸ்டி விஷயம் தவறு. பள்ளி தன் மாணவர்களுக்குத் தரும் சேவைக்கு வரிவிலக்கு உண்டு, பேருந்தும் அதில் அடங்கும். கட்டணத்தைத் தாமதமாகக் கட்டியதற்காக வாங்கும் தொகை அந்தச் சேவையின் மதிப்போடுதான் சேரும். மூலத்துக்கு வரி இல்லாதபோது அதற்கும் இல்லை.

கணக்கறைக்கு ஒரு யோசனை. ரசீதில் பேருந்துக் கட்டணத்தைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து ஒரே வரியாக எழுதாதீர்கள். 80சி கழிவு கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். மார்ச்சில் பெற்றோர் வரிசையில் வந்து நிற்பார்கள்.

கணக்கறை | 26 ஆகஸ்ட்

நிற்கிறார்கள் சார், ஒவ்வொரு மார்ச்சும். பிரித்துத்தான் போடுகிறோம். "சேர்த்துப் போட்டுக் கொடுங்க" என்று கேட்கத்தான் வரிசையே!

கணக்கறை | 30 ஆகஸ்ட், சனி

முதல் வரைவு. தாமதக் கட்டணத்தை நாளுக்கு 5 ரூபாய் என்று வைத்தேன். மாதக் குழப்பம் இல்லை, இரண்டு நாள் தள்ளிப்போனவருக்குப் பத்தோடு போகும். நியாயமாகப் பட்டது.

கணக்கறை | 31 ஆகஸ்ட்

நேற்று எழுதியதை அழித்துவிட்டேன். 640 பிள்ளைகள் பேருந்தில் வருகிறார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வேறு தொகை. ராத்திரி ஜிபேயில் அனுப்புபவர் நாள் எண்ணும்போது ஒன்று விட்டுவிடுவார், 5 ரூபாய் குறையும். அந்த ஐந்தை வாங்க நான் ஃபோன் செய்ய வேண்டும். மூன்றாம் பருவத்தில் "பாக்கி ரூ.5" என்று ரசீதில் வரும். அதைப் பார்த்து ஒருவர் நேரில் வந்து சத்தம் போடுவார். நியாயம் வேறு, நடைமுறை வேறு.

அப்புறம்தான் தோன்றியது. பெற்றோரை எதற்குக் கணக்குப் போடச் சொல்லவேண்டும்? விதியை எழுதாமல், என்றைக்குக் கட்டினால் எவ்வளவு என்று தொகையையே எழுதிவிடலாமே. எங்கள் முதல் தூரப் பிரிவுக்குப் பருவத் தொகை 4,400. ஆக:

அக்டோபர் 10, வெள்ளி வரை: ரூ.4,400
அக்டோபர் 11, சனி முதல் அக்டோபர் 31, வெள்ளி வரை: ரூ.4,500
நவம்பர் 1, சனி முதல் நவம்பர் 30, ஞாயிறு வரை: ரூ.4,600

"மாதம்" என்ற சொல்லே தேவைப்படவில்லை, பாருங்கள். மூன்று தூரப் பிரிவுக்கும் தனித்தனி நோட்டீஸ், தனித்தனிக் கலர் தாள். ஒரே தாளில் மூன்று தொகையும் போட்டால் பக்கத்து வரியைப் பார்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

நூல்கண்டு | 31 ஆகஸ்ட்

அண்ணா, இதுவே எங்களுக்கு வந்திருந்தால் நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன். ஒன்று மட்டும். பனியன் கம்பெனியில் எங்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை கெடு என்றால் அந்த வாரம் முழுக்கக் கை காலி. இந்த ஊரில் வெள்ளிக்கிழமையில் கெடு வைப்பவர் யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை.

கணக்கறை | 1 செப்டம்பர்

உள்ளூர்க்காரனாக இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. 11 வருடம் மாதச் சம்பளம் வாங்கி வாங்கி மறந்துவிட்டது போல.

ஜனவரியைப் பார்த்தேன். 2026 ஜனவரி 10 இரண்டாம் சனிக்கிழமை. வங்கி இல்லை, எங்கள் கவுண்டரும் ஒரு மணிக்கு மூடிவிடும், உங்களுக்குச் சம்பளம் வருவதோ ஆறு மணிக்கு. பழைய நோட்டீஸ்படி அன்றோடு கெடு முடிந்திருக்கும். 10 என்பதை விட்டுவிடுகிறேன். பருவத்தின் முதல் மாதத்தில் இரண்டாம் சனிக்கு அடுத்த திங்கள். அக்டோபரில் 13, ஜனவரியில் 12. இந்தச் சூத்திரம் எனக்குத்தான், நோட்டீசில் தேதியும் கிழமையும் மட்டுமே வரும்.

வேன் அம்மா | 2 செப்டம்பர்

எங்க வேன்காரர் மே மாசத்துக்கும் பணம் கேட்கிறார். ஸ்கூலே இல்லாத மாசத்துக்கு எதுக்குக் கொடுக்கணும்? இதுக்கு யாராவது நோட்டீஸ் எழுதுவீங்களா?

சட்டம்பேசி | 2 செப்டம்பர்

அக்கா, இழை பள்ளிப் பேருந்து பற்றியது. தனியார் வேன் வேறு.

கணக்கறை | 2 செப்டம்பர், இரவு

வேறுதான். ஆனால் அந்த அக்கா கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் கட்டணம் எத்தனை மாதத்துக்கு? நோட்டீசில் இல்லை. தாளாளரைக் கேட்டேன், "பதினொண்ணு" என்றார். முதல்வர் "பத்து, ஏப்ரல்ல பாதிதானே ஓடுது" என்றார். ஒரே அறையில், இரண்டு நிமிட இடைவெளியில்.

ஜூன் முதல் ஏப்ரல் வரை 11 மாதம் என்று முடிவாயிற்று. ஆண்டுக்கு 13,200, மாதம் 1,200. மே இல்லை. இதை ஒரு வரியாகச் சேர்க்கிறேன். வேன் அக்காவுக்கு என்னிடம் பதில் இல்லை. ஓட்டுநருக்கு மே மாதமும் வீடு இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். சேர்க்கும்போதே 11ஆ 12ஆ என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கணக்கறை | 6 செப்டம்பர், சனி

திருப்பித் தருவதில் வந்து நிற்கிறேன். "எக்காரணம் கொண்டும் தரப்படமாட்டாது" என்று எழுதிவிட்டு, நடைமுறையில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத் தருகிறோம். வீடு மாறியவர், ஊர் மாறியவர். யார் தாளாளரை நேரில் போய்ப் பார்த்தாரோ அவருக்குக் கிடைக்கிறது. நோட்டீசை நம்பி வராமல் இருந்தவருக்கு இல்லை. எழுதியதை அப்படியே நம்பியவர்தான் ஏமாந்தார்.

சட்டம்பேசி | 6 செப்டம்பர்

கொரோனா சமயத்தில் உச்ச நீதிமன்றமே 15% குறைக்கச் சொன்னது. ஆகவே திருப்பித் தந்தே ஆகவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர் | 7 செப்டம்பர்

2021 மே மாதத் தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கு. பள்ளி மூடியிருந்ததால் பயன்படுத்தாத வசதிகளுக்காக, 2020-21 ஆண்டுக் கட்டணத்தில் 15% கழிக்கச் சொன்னது. அதை எடுத்து இன்று வீடு மாறுபவருக்கு ஒட்ட முடியாது. ஆனால் அதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பெற்றோர் தாமாக நிறுத்துவதும், பள்ளியே பேருந்தை நிறுத்துவதும் இரண்டு வேறு கதை. கணக்கறை, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு மூடாதீர்கள்.

கணக்கறை | 7 செப்டம்பர்

சரி சார். 2020 மார்ச்சில் பேருந்து நின்றபோது இந்த "எக்காரணம்" வரியைக் காட்டித்தான் பலருக்கு இல்லை என்றோம். நானும்தான் சொன்னேன்.

கணக்கறை | 13 செப்டம்பர், சனி

இப்போது பெரிய ஓட்டை. திருப்பித் தரும் தொகையையும் அட்டவணையாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். அக்டோபரோடு நிறுத்தும் பிள்ளைக்கு எவ்வளவு?

ஒரு வழி: இரண்டாம் பருவம் 3 மாதம், 4,400. நவம்பர், டிசம்பர் இரண்டு பங்கு என்றால் 2,933.
இன்னொரு வழி: கட்டியது இரண்டு பருவம், 8,800. ஏறிய மாதம் ஐந்து, 6,000. மீதி 2,800.

133 ரூபாய் எங்கே போயிற்று? இரண்டு முறை கூட்டிப் பார்த்தும் அதேதான். பிறகுதான் பிடிபட்டது. பருவங்கள் சமமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் நான்கு மாதம், அக்டோபர் முதல் டிசம்பர் மூன்று, ஜனவரி முதல் ஏப்ரல் நான்கு. தவணை மட்டும் சமம். மாதம் 1,200 என்றால் முதல் பருவத்துக்கு 4,800 ஆக வேண்டும், நாங்கள் வாங்குவது 4,400. அப்படியானால் செப்டம்பரோடு நிறுத்துபவருக்கு நாங்கள் எதுவும் தரவேண்டாம், அவர்தான் எங்களுக்கு 400 தரவேண்டும்!

நூல்கண்டு | 13 செப்டம்பர்

பணம் திரும்பக் கேட்கப் போனவனிடம் நானூறு கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்தேன். எங்கள் லைனில் அப்படி நடந்தால் ஓவர்லாக் மெஷினே பறக்கும்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர் | 14 செப்டம்பர்

தவணையை மாதத்துக்கு ஏற்றபடி பிரித்துவிடுங்கள். 4,800, 3,600, 4,800. மொத்தம் அதே 13,200. பிறகு எந்த வழியில் வகுத்தாலும் மாதம் 1,200தான் வரும்.

கணக்கறை | 16 செப்டம்பர்

தாளாளரிடம் சொன்னேன். கணக்கு புரிந்தது, ஆனால் ஒப்பவில்லை. "ஜூன்லதான் புத்தகம், யூனிஃபார்ம், டேர்ம் ஃபீஸ் எல்லாம் வருது. அதுல இன்னும் 400 ஏத்தச் சொல்றீங்களா?" அதுவும் நியாயம்தான். அடுத்த கல்வியாண்டுக்குப் பார்க்கலாம் என்றார். இந்த வருடம் சம தவணையே தொடரும். செப்டம்பரோடு நிறுத்துபவரிடம் 400 கேட்பதில்லை என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு சண்டை: நவம்பர் 30க்குப் பிறகும் கட்டாவிட்டால்? "பேருந்தில் ஏற்றப்படமாட்டார்கள்" என்று போடச் சொன்னார். ஆறு வயதுப் பிள்ளையின் டைரியில் ஒட்டும் தாள் அது. பிள்ளைதான் முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கும். நிறுத்தத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வண்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். கடைசியில் "அலுவலகம் உங்களை அழைத்துப் பேசும்" என்று நின்றது. அழைத்துப் பேசியும் கட்டாவிட்டால் என்ன என்பதற்கு இன்னும் யாரிடமும் பதில் இல்லை.

கணக்கறை | 20 செப்டம்பர், சனி

வரைவை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்த பிறகு "புரிகிறதா" என்று கேட்கவில்லை, கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கேள்வி கேட்டேன். "நவம்பர் 3 கட்டினால் எவ்வளவு?" "நவம்பரிலிருந்து பஸ் வேண்டாம், என்றைக்குள் சொல்லணும்?"

ஓட்டுநர் இரண்டுக்கும் சரியாகச் சொன்னார். ஒரு பாட்டி இரண்டாவதில் தடுக்கினார். "25ஆம் தேதிக்குள் கடிதம்" என்பதைக் கடிதத்தில் 25 என்று தேதி போட்டால் போதும் என்று எடுத்துக்கொண்டார். ஆகவே "அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும்" என்று மாற்றினேன். தாளின் அடியிலேயே கிழித்துக் கொடுக்க ஒரு துண்டும் வைத்தாயிற்று, கடிதம் எழுதத் தெரியவேண்டியதில்லை.

பஸ் ஆயா படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ரெண்டு புள்ளைங்கன்னா எரநூறா?" நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. பழைய ரசீதுகளைப் புரட்டினால் இரண்டு விதமாகவும் வாங்கியிருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு தாமதக் கட்டணம் என்று தாளாளர் உடனே சொல்லிவிட்டார்.

கணக்கறை | 24 செப்டம்பர், புதன்

காலாண்டு லீவுக்கு முன் போனது இதுதான். முதல் தூரப் பிரிவுக்கான தாள், மஞ்சள்:

> பேருந்துக் கட்டணம், இரண்டாம் டேர்ம் (அக்டோபர், நவம்பர், டிசம்பர் 2025)
>
> கட்ட வேண்டியது
> அக்டோபர் 13, திங்கள் வரை: ரூ.4,400. திங்களன்று கட்டினாலும் தாமதம் இல்லை.
> அக்டோபர் 14, செவ்வாய் முதல் அக்டோபர் 31, வெள்ளி வரை: ரூ.4,500
> நவம்பர் 1, சனி முதல் நவம்பர் 30, ஞாயிறு வரை: ரூ.4,600
> அதற்கு மேல் கட்டாமல் இருந்தால் அலுவலகம் உங்களை அழைத்துப் பேசும்.
> ஒரே வீட்டிலிருந்து இரண்டு, மூன்று பிள்ளைகள் வந்தாலும் கூடுதல் தொகை ஒரு பிள்ளைக்கு மட்டுமே.
> ஜிபே போன்றவற்றில் கட்டினால், நீங்கள் அனுப்பிய தேதியே கணக்கு. காசோலை என்றால், அலுவலகத்தில் கொடுத்த தேதி.
>
> பேருந்து வேண்டாம் என்றால்
> ஆண்டுக் கட்டணம் ரூ.13,200. இது ஜூன் முதல் ஏப்ரல் வரை 11 மாதத்துக்கு, மாதம் ரூ.1,200. மே மாதத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு டேர்மும் கட்டியிருந்தால் நாங்கள் திருப்பித் தருவது:
> அக்டோபரோடு நிறுத்தினால் ரூ.2,800. அக்டோபர் 25, சனிக்குள் கீழே உள்ள துண்டைக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும்.
> நவம்பரோடு நிறுத்தினால் ரூ.1,600. நவம்பர் 25, செவ்வாய்க்குள்.
> டிசம்பரோடு நிறுத்தினால் ரூ.400. டிசம்பர் 22, திங்களுக்குள்.
> தேதி தவறிக் கொடுத்தால் அடுத்த மாதமும் ஏறியதாகக் கணக்கு. தாமதத்துக்காகக் கட்டிய கூடுதல் தொகை திரும்ப வராது.
> துண்டைக் கொடுத்த 15 நாளில் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.
>
> பள்ளியே பேருந்தை நிறுத்தினால்
> தொடர்ந்து 15 வேலை நாளுக்கு மேல் உங்கள் தடத்தில் பேருந்து ஓடாவிட்டால், ஓடாத நாளுக்கான தொகையை அடுத்த டேர்மில் கழித்துக்கொள்வோம். நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

சட்டம்பேசி | 24 செப்டம்பர்

"25, சனிக்குள்." உங்கள் பழைய "உள்" திரும்ப வந்துவிட்டது.

கணக்கறை | 24 செப்டம்பர்

அய்யோ. மூன்று இடத்தில். அச்சாகிவிட்டது. சரி, அந்த நாளில் வந்தாலும் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கவுண்டரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வேன் அம்மா | 25 செப்டம்பர்

மழைக்கு கலெக்டர் லீவு விட்டா அதுவும் 15 நாள்ல சேருமா?

கணக்கறை | 25 செப்டம்பர்

சேராது அக்கா, அது வேலை நாள் இல்லையே. ஆனால் நீங்கள் கேட்டதே நோட்டீசில் அது தெளிவாக இல்லை என்பதற்குச் சாட்சி. அடுத்ததில் எழுதுகிறேன்.

கணக்கறை | 1 நவம்பர், சனி

அக்டோபர் நிலவரம். தீபாவளி 20ஆம் தேதி, போனஸ் அதற்கு முந்தைய வாரம். 13ஆம் தேதி திங்கள் கவுண்டரில் நல்ல கூட்டம், வார இறுதியில் ஜிபேயில் வந்தது அதைவிட அதிகம். தாமதமாகக் கட்டியவர்கள் போன பருவத்தைவிட ரொம்பக் குறையவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பணம் இல்லாதவருக்கு நோட்டீஸ் என்ன செய்யும்? ஆனால் 4,500 கொண்டுவந்தவர்கள் 4,500ஐ எண்ணி எடுத்துக்கொண்டு வந்தார்கள். "எவ்வளவு சார்" என்று கேட்டவர் மிகச் சிலர்.

துண்டு கொடுத்து நிறுத்தியவர்கள் மூன்று பேர். ஒருவர் 27ஆம் தேதி வந்தார். நவம்பரும் சேரும் என்றேன். தாளை மறுபடி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவர் போன பிறகு எனக்குத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பழைய நோட்டீசாக இருந்தால் தாளாளரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

நூல்கண்டு | 2 நவம்பர்

உங்கள் மஞ்சள் தாளை எங்கள் பள்ளியில் காட்டினேன் அண்ணா. "நாங்க யோசிக்கிறோம்" என்றார்கள். அந்த நூறு ரூபாய் வரவில்லை.

கணக்கறை | 13 ஜனவரி 2026, செவ்வாய்

மூன்றாம் டேர்ம். "உள்" எங்கும் இல்லை, மழை லீவும் எழுதியாயிற்று. நேற்று திங்கள் கடைசி நாள். இரவு 11.50க்கு ஒரு அம்மா ஜிபேயில் 4,400 அனுப்பியிருக்கிறார். நோட்டீஸ்படி அனுப்பிய தேதி 12, தாமதம் இல்லை. காலையில் திறந்து பார்த்தால் எங்கள் ஃபீஸ் மென்பொருள், வங்கியில் பணம் பதிவான 13ஆம் தேதியை எடுத்துக்கொண்டு அவர் பெயரில் "பாக்கி ரூ.100" என்று எஸ்எம்எஸ்ஸும் அனுப்பிவிட்டது. அவரைப் போலவே இன்னும் 17 பேர். ஆயா முதல் தாளாளர் வரை எல்லோருக்கும் படிக்கக் கொடுத்த நோட்டீசை மென்பொருள்காரருக்கு மட்டும் காட்டவில்லை. பொங்கல் லீவுக்கு முன் 18 பேருக்கும் ஃபோன் போட வேண்டும், ஆறு முடிந்தது.